வண்டி யாருக்கு, செலவு யார் கணக்கில்?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்கீழ் ஒரு மருத்துவமனை, ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு பள்ளி, நிர்வாக அலுவலகம். பள்ளிப் பேருந்துகளை விட்டுவிடுவோம். அவற்றின் கணக்கு தனி. கார், வேன் என்று பத்து வண்டிகள் பொதுவாக ஒரே ஷெட்டில் நிற்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு போன் போட்டால் போதும், வண்டி வரும். டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் பட்ஜெட்டில் ‘போக்குவரத்து’ என்ற ஒரே தலைப்பில் போய்விடும்.

இப்படிப்பட்ட இடங்களில் ஒரு காட்சியை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கலாம். ஒரு கவரைக் கொடுத்துவிட்டு வர, டிரைவருடன் ஒரு கார் தனியாகக் கிளம்பும். அனுப்புகிறவர் ஊதாரி இல்லை. அந்தக் கார் போய்வர என்ன செலவாகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவர் துறைக் கணக்கில் அது ஒரு ரூபாய்கூட ஏறுவதும் இல்லை. மறுபக்கம், வருடக் கடைசியில் போக்குவரத்துச் செலவு எகிறினால் பதில் சொல்ல வேண்டியவர் ஷெட் மேலாளர். வண்டி கேட்டவர்கள் நாலு பேர். கேள்விக்குப் பதில் சொல்பவர் வண்டி கேட்காத ஐந்தாவது ஆள்.

இதைச் சரிசெய்யப் பெரிய நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் கையாளும் வழிதான் உள்கட்டணம். பொதுச் சேவை தரும் பிரிவு, அதைப் பயன்படுத்தும் துறைகளுக்கு மாதாமாதம் பில் போடும். பணம் கைமாறுவதில்லை, கணக்குப் புத்தகத்தில் ஒரு ஜர்னல் என்ட்ரி, அவ்வளவுதான். கல்லூரிக் கணக்கில் செலவு, போக்குவரத்துக் கணக்கில் அதே தொகை வரவு. மொத்த பட்ஜெட்டில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அமெரிக்க நகராட்சிகளும் கவுண்ட்டிகளும் வாகனப் பிரிவுக்கும் ஐ.டி. பிரிவுக்கும் இதற்கென்றே தனி நிதிக் கணக்கு வைத்திருப்பது பழைய வழக்கம்.

யோசனை எளிது. ஆனால் பில்லை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பான முறையில் போட்ட பில், பில்லே போடாததைவிடக் கெடுதல் செய்யும். நம் டிரஸ்ட்டின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை.

பத்து டிரைவர்களின் சம்பளம், பி.எஃப். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 24 லட்சம். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. 4 லட்சம். வண்டிகளின் தேய்மானம் 9 லட்சம். ஷெட், மேலாளர் சம்பளம் 3.5 லட்சம். ஆக 40.5 லட்சம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தப் பணம் போகும். அடுத்தது, ஓடினால் மட்டும் ஆகும் செலவு. டீசல் லிட்டர் 93 ரூபாய், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 7.75 ரூபாய். டயர், ஆயில், சர்வீஸ் வகையில் இன்னொரு 2.25 ரூபாய். ஆகக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். வருடத்துக்கு எல்லா வண்டிகளும் சேர்ந்து 2,40,000 கிலோமீட்டர் ஓடுகின்றன, எனவே 24 லட்சம். மொத்தம் 64.5 லட்சம்.

இதைப் பார்த்ததும் பெரும்பாலான கணக்குப் பிரிவுகள் செய்வது ஒரு வகுத்தல். 64.5 லட்சத்தை 2,40,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 27 ரூபாய். ‘இனிமேல் கிலோமீட்டருக்கு 27 ரூபாய் உங்கள் துறைக் கணக்கில் ஏறும்’ என்று ஒரு சுற்றறிக்கை. நியாயமாகத்தான் தெரிகிறது. ஓடின தூரத்துக்குக் காசு, யார் குறை சொல்ல முடியும்?

கல்லூரி முதல்வர் கணக்கு தெரிந்தவர். வெளி டாக்ஸியை விசாரிக்கிறார். பேட்டா எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்கிறார்கள். சொந்த ஷெட்டில் 27, வெளியே 18. தன் 80,000 கிலோமீட்டரில் 60,000-ஐ வெளி டாக்ஸிக்கு மாற்றிவிடுகிறார். கல்லூரிக் கணக்கில் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் மிச்சம். பாராட்டுகூடக் கிடைக்கும்.

டிரஸ்ட்டின் மொத்தக் கணக்கில் நடந்தது வேறு. அந்த 60,000 கிலோமீட்டர் ஓடாததால் ஷெட்டில் மிச்சமானது கிலோமீட்டருக்குப் பத்தே ரூபாய், மொத்தம் 6 லட்சம். டிரைவர் சம்பளம் குறையவில்லை, இன்சூரன்ஸ் குறையவில்லை. டாக்ஸிக்காரருக்குக் கொடுத்தது 10.8 லட்சம். ஆக டிரஸ்ட்டுக்கு 4.8 லட்சம் நஷ்டம். ஒரு துறையின் லாபமாகத் தெரிவது மொத்த நிறுவனத்தின் நஷ்டமாக இருக்கிறது. அதை எந்தத் துறையின் கணக்கிலும் தேடிப் பிடிக்க முடியாது.

கதை அத்தோடு நிற்பதில்லை. அடுத்த வருடம் ஷெட் வண்டிகள் ஓடப்போவது 1,80,000 கிலோமீட்டர்தான். அதே 40.5 லட்சம் இப்போது குறைந்த தூரத்தின் மேல் ஏறுகிறது. கட்டணம் 32.50 ரூபாய் ஆகிவிடுகிறது. இதைப் பார்த்து மருத்துவமனை தன் ஒரு லட்சம் கிலோமீட்டரில் பாதியை வெளியே மாற்றினால், அதற்கடுத்த வருடக் கட்டணம் 41 ரூபாயைத் தாண்டும். அப்புறம் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். செலவுக் கணக்கு படித்தவர்கள் இதை மரணச் சுழல் என்பார்கள். பில் தொடர்ந்து ஏறுவதும், பயன்பாடு தொடர்ந்து இறங்குவதும், ஷெட்டில் அதே எண்ணிக்கையில் வண்டிகள் நிற்பதும் ஒன்றாகத் தெரிந்தால் இந்தச் சுழல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ‘வெளி டாக்ஸி கூடாது’ என்று உத்தரவு போடுவதுதான் வழக்கம். அது நோயை மறைக்கும், குணப்படுத்தாது.

இங்கே தப்பு முதல்வர் மேல் இல்லை, 27 ரூபாய் என்ற விலைமேல். அந்த விலைக்குள் இரண்டு வேறு செலவுகள் கலந்து கிடக்கின்றன. எத்தனை வண்டி வைத்திருப்பது என்று வருடத்துக்கு ஒருமுறை முடிவாகிற செலவு ஒன்று. இன்று மதியம் வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று தினம் முடிவாகிற செலவு இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் இரண்டு முடிவுமே கெடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புத் தொகையை எல்லோரிடமும் மாதா மாதம் வாங்கிவிட்டு, மின்சாரத்துக்கு அவரவர் மீட்டரைப் பார்க்கிறோமே, அதே பிரிவினைதான் இங்கேயும் வேண்டும்.

எனவே பட்ஜெட் போடும்போதே ஒவ்வொரு துறையையும் ‘உங்களுக்கு வருடம் முழுக்க எத்தனை வண்டி வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். ஒரு வண்டி சர்வீஸ், டிரைவர் விடுப்பு எல்லாம் போக வருடத்தில் 270 நாள் வேலைக்குக் கிடைக்கும் என்றால், பத்து வண்டிக்கு 2,700 வண்டி நாள். 40.5 லட்சத்தை இதனால் வகுத்தால் நாளுக்கு 1,500 ரூபாய். ஒரு வண்டிக்கு வருடத்துக்கு 4,05,000 ரூபாய். மருத்துவமனை நான்கு வண்டி கேட்கிறது, கல்லூரி மூன்று, பள்ளி ஒன்று, அலுவலகம் ஒன்று. கல்லூரியின் பங்கு 12.15 லட்சம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 1,01,250 ரூபாய் பில். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது வரும். இதற்கு மேல் ஓடின ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 ரூபாய்.

இப்போது முதல்வர் 100 கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்கு யோசிக்கிறார். சொந்த வண்டி எடுத்தால் அவர் கணக்கில் கூடுவது 1,000 ரூபாய். டாக்ஸி என்றால் 1,800. சொந்த வண்டியைத்தான் எடுப்பார். டிரஸ்ட்டுக்கு எது லாபமோ அதுவே கல்லூரிக்கும் லாபமாகத் தெரிகிறது. கவர் கொடுக்கக் காரை அனுப்புகிறவருக்கும் இப்போது ஒரு விலை கண்ணில் படுகிறது. 36 கிலோமீட்டர் போய்வந்தால் 360 ரூபாய். கூரியருக்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

இந்த முறைக்கு வரும் முதல் எதிர்ப்பு எங்கும் ஒன்றுதான். விடுமுறை மாதம் முடிந்ததும் கல்லூரியிலிருந்து போன் வரும்: “என்ன சார், மே மாசம் பூரா நாங்க வண்டியே எடுக்கலை. எதுக்கு லட்ச ரூபாய்க்கு பில்?” ஷெட் மேலாளருக்கு இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். “சார், உங்களுக்குன்னு மூணு வண்டியும் மூணு டிரைவரும் மே மாசமும் இருந்தாங்க. அந்த நாட்களை மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தீங்கன்னா நாளுக்கு 1,500 உங்க கணக்குல வரவு வெச்சிருப்பேன்.” அந்தப் பதிலின் பின்பாதி முக்கியம். துறைகள் தங்களுக்குள் வண்டி நாட்களை மாற்றிக்கொள்ள வழி இருந்தால்தான், நிலையான கட்டணத்தைத் தண்டனையாக நினைக்க மாட்டார்கள். பொறியியல் கல்லூரியின் விடுமுறையும் மருத்துவமனையின் முகாம் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதுண்டு.

கூட்டிப் பாருங்கள்: கேட்டது ஒன்பது வண்டி, ஷெட்டில் இருப்பது பத்து. பத்தாவது வண்டியின் 4,05,000 ரூபாய் யார் தலையில்? வழக்கமாகச் செய்வது, 40.5 லட்சத்தையும் கேட்ட 2,430 நாட்களால் வகுத்துவிடுவது. நாள் கட்டணம் 1,667 ரூபாய் ஆகும். கல்லூரி தான் கேட்காத வண்டிக்கு 1.35 லட்சம் கட்டும். பத்தாவது வண்டி யார் கண்ணுக்கும் தெரியாமல் காணாமல் போய்விடும். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சும்மா நிற்கும் வண்டியின் செலவு போக்குவரத்துப் பிரிவின் சொந்தக் கணக்கில், ‘ஒதுக்கப்படாத திறன்’ என்று தனி வரியாக நிற்க வேண்டும். அப்போதுதான் நிர்வாகக் குழு அதைப் பார்த்து, இரவு அவசரத்துக்கு ஒரு வண்டி எப்போதும் வேண்டும் என்று முடிவு செய்து அந்த நான்கு லட்சத்தைத் தெரிந்தே ஏற்கும், அல்லது வண்டியை விற்கும். கட்டணத்தைக் கேட்ட நாட்களால் வகுக்காமல், கிடைக்கக்கூடிய நாட்களால் வகுக்க வேண்டும் என்று ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் காப்லன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

பட்ஜெட் பக்கத்தில் இது இப்படி அமையும். மருத்துவமனைக்கு 26.2 லட்சம், கல்லூரிக்கு 20.15, அலுவலகத்துக்கு 8.05, பள்ளிக்கு 6.05. கூட்டினால் 60.45 லட்சம். ஒதுக்கப்படாத திறன் 4.05. மொத்தம் அதே 64.5 லட்சம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் முதல் வருடம் செய்தே தீர வேண்டிய ஒன்று உண்டு. இதுவரை போக்குவரத்துத் தலைப்பில் இருந்த பணத்தைத் துறைகளின் ஒதுக்கீட்டுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்கு 20.15 லட்சத்தைக் கொடுக்காமல், பில்லை மட்டும் அனுப்பினால் அது மறைமுக வெட்டு. ஆய்வகப் பணத்தை எடுத்து வண்டிக்குக் கட்டும் நிலை வரும். உள்கட்டணம் என்றாலே துறைத் தலைவர்கள் எரிச்சலடைவதற்குப் பாதிக் காரணம், பல இடங்களில் அது இப்படித்தான் தொடங்கியது என்பது. பணம் கையில் கொடுத்து, ‘மிச்சம் பிடித்தால் அதை உங்கள் துறைக்கே வேறு வேலைக்குச் செலவழிக்கலாம்’ என்றும் சொன்னால், அதே மனிதர்கள் டிரிப் ஷீட்டை வரிவரியாகப் படிக்க ஆரம்பிப்பார்கள்.

படிக்கட்டும். அதற்காகத்தான் பில் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்கிறோம். கட்டணப் பட்டியல் ஏப்ரலுக்கு முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். 1,500 எப்படி வந்தது, 10 எப்படி வந்தது என்ற கணக்கு அதிலேயே இருக்க வேண்டும். மாத பில்லுடன் தேதி, வண்டி எண், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் அளவு, வண்டி கேட்டவர் பெயர் ஆகிய விவரங்கள் இணைந்து வர வேண்டும். கல்லூரி ஷெட்டிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், காலி வண்டி வந்துபோகும் 24 கிலோமீட்டர் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் மாதாமாதம் சண்டை வரும். ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை வண்டி கேட்டவர் கணக்கு என்பது எளிய விதி. இரண்டு துறை ஒரே வண்டியில் போனால் பாதிப் பாதி.

முறை சீர்கெடுகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுருக்கமான சோதனை, டிரிப் ஷீட்டில் ‘பொது’ என்று எழுதப்பட்ட பயணங்களை எண்ணுவது. நிர்வாகியின் விருந்தாளிகளை ரயிலடியில் ஏற்றிவரப் போன வண்டி, எவர் கணக்கிலும் போட முடியாமல் ‘பொது’ ஆகும், அல்லது பட்ஜெட் பெரிதாக இருக்கும் மருத்துவமனையின் கணக்கில் சத்தமில்லாமல் ஏறும். இரண்டாவது நடந்தால் பில்லின் மேல் இருக்கும் நம்பிக்கை அன்றே போய்விடும். அந்தப் பயணங்களுக்கு நிர்வாக அலுவலகத்தின் பெயரிலேயே ஒரு குறியீடு வேண்டும்.

இனி, வருடக் கடைசியில் வரும் வித்தியாசம். வண்டிகள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் என்று கணக்கிட்டோம். கொடுத்ததோ 10 தான். 20,000 லிட்டருக்குப் பதில் 24,000 லிட்டர், கூடுதல் செலவு 3.72 லட்சம். இதைத் துறைகளுக்குப் பங்கு பிரித்துக் கடைசி மாத பில்லில் ஏற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. பழைய வண்டிகளைப் பராமரிக்காததும், டீசல் போடும் இடத்தில் கண்காணிப்பு இல்லாததும் கல்லூரியின் கையில் இல்லை. அறிவித்த 10 ரூபாய்க்கு மேல் ஆனது போக்குவரத்துக் கணக்கிலேயே பற்றாக்குறையாக நின்றால், ‘டீசல் எங்கே போயிற்று?’ என்ற கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போகும். டீசல் விலையே ஏறிவிட்டால் அது வேறு. யார் கையிலும் இல்லாத அந்த மாற்றத்தை அரையாண்டில் கட்டணத்தில் சேர்க்கலாம். விலையால் வந்த வித்தியாசத்தையும் திறமைக் குறைவால் வந்த வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டத் தெரியாத கணக்குப் பிரிவு, இந்த முறையை நடத்தத் தயாராகவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கட்டணத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போக்குவரத்துப் பிரிவு உபரி சேர்ப்பது. கல்லூரியில் மத்திய அரசு நிதியில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடந்தால், அந்தத் திட்டத்தின் பயணங்களுக்குப் போடும் பில்லில் உள்ள உபரி, அரசு கொடுத்த பணத்தை வேறு வேலைக்குத் திருப்பியது ஆகிவிடும். அமெரிக்காவில் இந்த ஆபத்துக்காகவே ஒரு வரம்பு எழுதி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் மானியம் வாங்கும் மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் உள்சேவைக் கணக்கில், அறுபது நாள் ரொக்கச் செலவு வரை கையிருப்பு வைத்திருப்பது நியாயமானது என்று ஏற்கிறார்கள். எவ்வளவு உபரி கூடும் என்று முன்பே எழுதிவைப்பது நம் டிரஸ்ட்டுக்கும் நல்லது.

ஐ.டி. சேவைக்கு இதையெல்லாம் அப்படியே தூக்கிப் போட முடியாது. மின்னஞ்சல், லேப்டாப், மென்பொருள் உரிமம் ஆகியவற்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடலாம். எத்தனை பேருக்கு உரிமம் வேண்டும் என்று துறைதான் முடிவு செய்கிறது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பில்லில் தெரிந்துவிடும். ஆனால் உதவி கேட்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் இத்தனை ரூபாய் என்று வைத்தால் நடப்பது விபரீதம். சந்தேகமான இணைப்பை யாரோ தவறுதலாகத் தட்டிவிட்டார், கணினி மெதுவாகிறது. செலவுக்குப் பயந்து துறை அதைச் சொல்லாமல் பத்து நாள் ஓட்டும். அதற்குள் மருத்துவமனை சர்வர் வரை பாதிப்பு போய்விடலாம். பாதுகாப்பு, பேக்கப் இரண்டையும் ‘வேண்டாம்’ என்று ஒரு துறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனவே அவற்றுக்குப் பயன்பாட்டுக் கட்டணம் பொருளற்றது. ஆள் எண்ணிக்கைப்படி வருட ஒதுக்கீடாகப் போட்டுவிட வேண்டும். துறையின் முடிவால் கூடவோ குறையவோ செய்யாத செலவுக்கு மீட்டர் வைத்துப் பயனில்லை.

வரி விஷயத்தையும் ஆரம்பத்திலேயே ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரே சட்ட அமைப்பு, ஒரே ஜி.எஸ்.டி. பதிவு என்றால் இது வெறும் புத்தகப் பதிவு. மருத்துவமனை தனி நிறுவனமாக இருந்தால், அல்லது கிளை வேறு மாநிலத்தில் தனிப் பதிவுடன் இருந்தால், அதே பில் சட்டப்படி ஒரு சேவை விற்பனையாகக் கருதப்படலாம்.

எதையும் முதல் வருடமே அமலாக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் பில்லை மட்டும் அனுப்பலாம், பணத்தை மாற்ற வேண்டாம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் டிரிப் ஷீட்டின் ஓட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும், துறைகளுக்கும் தாங்கள் உண்மையில் எத்தனை வண்டி பயன்படுத்துகிறார்கள் என்று பிடிபடும். அதன்பிறகு வரும் டிசம்பரில் கல்லூரி, ‘அடுத்த ஏப்ரலிலிருந்து எங்களுக்கு இரண்டு வண்டி போதும்’ என்று எழுதிக் கொடுக்கலாம். டிசம்பர் என்று கெடு வைப்பது வீம்புக்கு இல்லை. ஒரு வண்டியை விற்கவும், அதன் டிரைவரைப் பள்ளிப் பேருந்துக்கோ ஆம்புலன்சுக்கோ மாற்றவும் நாலு மாதம் வேண்டும். அந்த வேலை முடிந்தால்தான் கல்லூரிக்குக் குறையும் 4,05,000 ரூபாயில் பெரும்பகுதி, டிரஸ்ட்டின் 64.5 லட்சத்திலும் குறையும்.